நிற்காத விக்கலும் செட் மாத்திரையும்

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில்தான் அது ஆரம்பித்தது. என்னிடம் படித்த ஒருவன் புதிதாக வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தான். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். நான் அளவாகச் சாப்பிடுகிறவன். அன்று மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நான்காவது கொண்டை ஊசி வளைவில் முதல் விக்கல் வந்தது. வயிறு நிறைந்துவிட்டது, பேருந்தும் குலுக்குகிறது, இரண்டும் சேர்ந்துகொண்டன என்று நினைத்தேன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கியபோதும் விக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

எதையும் எண்ணுவது என் பழக்கம். கணக்கு வாத்தியாராக மலைப்பள்ளியில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குப் பிள்ளைகள் இல்லாமல், மாடிப்படி, மின்விசிறியின் சத்தம், தெருவில் போகும் டிராக்டர் என்று எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். அதனால் விக்கலையும் எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினெட்டு. மறுநாள் காலையிலும் பதினெட்டு.

என் மனைவி முதலில் சிரித்தாள். "யாரோ நெனச்சிக்கிறாங்க. பேரு சொல்லுங்க, சரியான பேரு வந்தா நின்னுடும்."

மகன், மகள், சம்பந்தி, சின்னசேலத்தில் இருக்கும் என் அக்கா என்று வரிசையாகச் சொன்னேன். எதற்கும் நிற்கவில்லை.

"உங்ககிட்ட அடி வாங்கின பசங்க அத்தினி பேரும் ஒரே நேரத்துல நெனச்சிக்கினா நான் இன்னா பண்றது? அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி எல்லார் பேரயும் சொல்லுங்க" என்றாள்.

சர்க்கரையை நாக்கில் வைத்தேன். மூச்சை அடக்கினேன். குனிந்துகொண்டு தண்ணீர் குடித்தேன். அது மூக்கில் ஏறியதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் வாசலில் நின்று, "சார், வயசானவங்களுக்கு பென்ஷன நிறுத்தப் போறாங்களாம், டிவில ஓடிக்கினு இருக்குது" என்றார். அதிர்ச்சி கொடுத்தால் விக்கல் நிற்கும் என்பது அவருடைய வைத்தியம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விக்கல் மட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் என் மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு வாய் சோறு இறங்குவதற்குள் இரண்டு விக்கல்கள் வந்து அதை மேலே தள்ளின. கண்ணயர்ந்தால் அதுவே எழுப்பியது. விலாவின் இரண்டு பக்கமும் யாரோ உதைத்தது போல வலி. எலவனாசூர்கோட்டையில் என் பெரியப்பா சாகும் முன் இப்படித்தான் விக்கிக்கொண்டு கிடந்தார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அப்போது அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சொன்னது, "இது கடைசி விக்கல்" என்பதுதான். அந்தச் சொல் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. தலையில் ஏதோ கட்டி என்று நானே முடிவு செய்தேன். நான்காம் நாள் காலை, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக் காட்டினேன்.

"சாவி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா நான்தான வெச்சிக்கினு இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஆட்டோக்காரரைக் கூப்பிடப் போனாள்.

அரசு ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் என் மகள் வயதுப் பெண். நான் வாயைத் திறப்பதற்குள் விக்கலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"எத்தன நாளா சார்?"

"நாலு."

"தூக்கத்துலயும் வருதா?"

"தூங்கவே விட மாட்டேங்குது."

"ரெண்டு நாளத் தாண்டின விக்கலுக்குக் காரணம் தேடியே ஆகணும். தேடுவோம்" என்றார்.

சொன்னபடியே தேடினார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணை அசைக்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். எல்லாம் தலைக்காகத்தான் என்று எனக்குப் புரிந்ததால் ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டே நடந்தேன். பிறகு ஒரு விளக்கை எடுத்து என் காதுக்குள் பார்த்தார்.

"விக்கலுக்குக் காதாம்மா?" என்றேன்.

"ஆமா சார். மூளையில இருந்து வயிறு வரைக்கும் ஒரு நரம்பு இறங்குது. அதுக்கு ஒரு கிளை காதுக்கும் வருது. காதுக்குள்ள ஒரு முடி செவிப்பறையில உரசினாக்கூட சிலருக்கு விக்கல் வரும். கழுத்துல இருந்து இன்னொரு நரம்பு நெஞ்சு வழியா வந்து, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசைக்குப் போகுது. மூச்சு இழுக்கிற தசை அதுதான். அது திடீர்னு வெட்டி இழுக்கும், உடனே தொண்டையில குரல்வளை டக்குனு மூடிக்கும். அந்தச் சத்தம்தான் விக்கல். இந்த நரம்புங்க போற வழியில எங்க எது தொந்தரவு பண்ணாலும் வரலாம். அதான் மேல இருந்து கீழ வரைக்கும் பாக்குறேன்."

இசிஜி எடுத்தார்கள், இதயத்தின் அடிப்பக்க ரத்தக்குழாய் அடைபட்டாலும் விக்கல் வருமாம். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தத்தில் உப்பு, யூரியா, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். இசிஜி சரி, எக்ஸ்ரே சரி, உப்பு சரி. பெரியப்பாவைக் கொண்டுபோன யூரியாவும் சரி. சர்க்கரை மட்டும் இருநூற்றைம்பதுக்கு மேல் இருந்தது. எனக்குச் சர்க்கரை நோய் இருந்ததே இல்லை.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முழங்கையைத் திருப்பி, அங்கே இருந்த ஊதா நிறத் திட்டுகளைப் பார்த்தார். எங்கும் அடிபடாமலே அவை சில மாதங்களாக வந்துகொண்டிருந்தன.

"என்னென்ன மாத்திர சாப்புடுறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு. வேற ஒண்ணும் கெடையாது."

நான் பொய் சொல்லவில்லை. அப்போது அதுதான் உண்மை என்று நம்பினேன்.

"முட்டி வலிக்குதா சார் உங்களுக்கு?"

"முன்ன வலிச்சுது. இப்ப சுத்தமா இல்ல. மலைக்கே போயிட்டு வந்தேன்."

அவர் என் மனைவியிடம் திரும்பினார். "அம்மா, இவரு முகம் எப்பவும் இப்பிடி உருண்டையாத்தான் இருக்குமா?"

"இல்ல கண்ணு. பொங்கல்ல இருந்துதான் கன்னம் வெச்சிக்கினு அழகாயிட்டாரு. நான் பண்ற சாப்பாடுன்னு நெனச்சிக்கினு இருக்கிறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "செட் வாங்கிச் சாப்புடுறாரா?"

என் மனைவி மடியிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். "இதுவா? காலைல ஆஸ்பத்திரிலயே நேரமாயிடும், கேப்பாருன்னு எடுத்தாந்தேன்."

எங்கள் ஊர்ப் பக்கம் செட் என்றால் எல்லோருக்கும் தெரியும். மெடிக்கலில் போய் "உடம்பு வலி, ஒரு செட்டு" என்றால், அட்டைகளிலிருந்து வெட்டி நான்கைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். பெயர் இருக்காது, டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள் முதல் நிலம் வைத்திருப்பவர்கள் வரை எல்லோரும் வாங்குவார்கள். அதை யாரும் மருந்து என்று நினைப்பதில்லை. காபி குடிப்பதை டாக்டரிடம் சொல்வோமா? அப்படித்தான். பொங்கலிலிருந்து காலையும் மாலையும் நான் சாப்பிட்டு வந்தேன். மலைக்குப் போவதற்கு முதல் நாள் இரட்டிப்பாக்கினேன். மலைக்குப் போய்வந்த அலுப்பு போகட்டும் என்று அப்படியே தொடர்ந்தேன். மாத்திரையை எண்ணிப் பார்த்தேனே தவிர, இது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை விரலால் ஒதுக்கினார். "இது ஸ்டீராய்டு. வலியை அமுக்கிடும், பசி எடுக்கும், தெம்பு வந்த மாதிரி இருக்கும். முகம் ஊதும், சர்க்கர ஏறும். இதுல இந்த வகை ஸ்டீராய்டு சிலருக்கு விக்கல் கொண்டாரும், ஆம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி. பக்கத்துல இருக்கிறது வலி மாத்திர. அது வயித்தப் புண்ணாக்கி, அமிலம் மேல வந்து அந்த நரம்பயே சீண்டுது. ரெண்டும் சேந்துதான் உங்கள ஆட்டுது. தலையில ஒண்ணும் இல்ல சார். தைரியமா இருங்க."

அந்த நிமிடம் எனக்கு வந்த ஆறுதலை எழுதத் தெரியவில்லை. பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போடக் கை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கே நிறுத்தினீங்கன்னா விக்கலவிடப் பெரிய ஆபத்து. இந்த மருந்த உங்க உடம்பே தினமும் கொஞ்சம் சுரக்கணும். வெளியில இருந்தே கெடைக்கிறதால இத்தன மாசமா அது வேலய நிறுத்திடுச்சி. டக்குனு விட்டா பிரஷர் எறங்கி மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க. வலி மாத்திரைய இப்பவே நிறுத்தலாம். இதுக்குப் பதிலா இதே குடும்பத்துல வேற மாத்திர தரேன். அதுல விக்கல் கம்மி. அத வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கொறைப்போம்."

வார்டில் படுக்கை கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன் அமிலத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஊசி, விக்கலை அடக்க இன்னொரு மாத்திரை. கடைசியாகச் சொன்னது தலையைச் சுற்ற வைக்கும், எழுந்தால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். என் மனைவி கழிவறை வாசல் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் எண்ணினேன், நிமிடத்துக்குப் பதினொன்று. அதற்கு அடுத்த நாள் நடுவில் இடைவெளி விழுந்தது. மதியம் இட்லி சாப்பிட்டேன். முதல் இட்லியில் ஒரு விக்கல். இரண்டாவது, மூன்றாவது இட்லிகள் நேராக இறங்கின. தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மனைவியிடம் சொல்லத் திரும்பினேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே என் கட்டிலின் ஓரத்தில் தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். இத்தனை நாளும் நான் விக்கிய ஒவ்வொன்றுக்கும் அவளும் விழித்திருந்தாள். என்னுடையதை மட்டும் நான் எண்ணினேன். நர்ஸ் மாத்திரையோடு வந்து குரல் கொடுக்கப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினேன். அவரும் புரிந்துகொண்டு, மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நேராக மெடிக்கலுக்குப் போனாள். கடைக்காரர் சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர்தான்.

"ஏம்பா, அந்த வெள்ள மாத்திரைய எங்க வூட்டுக்காரருக்கு இனிமே குடுக்காத."

"நான் குடுக்கலன்னா எதிர்க் கடைக்குப் போவாருங்க அம்மா."

"அங்கயும் சொல்லிட்டுத்தான் வரேன்."

மாத்திரையை முழுவதும் குறைத்து முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. முகம் வற்றிவிட்டது, சர்க்கரை இறங்கிவிட்டது. முட்டி வலி திரும்பி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறேன், தடியூன்றி நடக்கிறேன். கடைசியாகப் போனபோது அந்த டாக்டர் பெண்ணுக்கு நன்றி சொல்ல நான் தயார் செய்து வைத்திருந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"இப்ப எப்பிடி சார் இருக்கு?" என்றார்.

"முட்டி வலிக்குதும்மா" என்றேன்.

"நல்லது. இப்பவாவது என்கிட்ட சொன்னீங்களே" என்று சொல்லி, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.