நாற்பத்திரண்டு இஞ்ச் சட்டையும் நானூற்றுப் பத்து யூனிட்டும்

என் மனைவி தையல்காரி, வீட்டு முன்னறைதான் கடை. மார்பளவு நாற்பது இஞ்ச் வரை சட்டைக்கு ஒரு கூலி. அதற்குமேல் அரை இஞ்ச் கூடினாலும் முழுச் சட்டைக்கும் பெரிய கூலி. அது அவள் கடைச் சட்டம். யார் பேரம் பேசினாலும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டாள்.

மோட்டார் மிஷின் வாங்கிய பிறகு வரப்போகும் முதல் கரண்ட் பில்லை நினைத்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மின் அலுவலகச் சுவரில் இருந்த கட்டண அட்டவணையைப் போனில் படமெடுத்து வந்து கொடுத்தேன். அவள் மீட்டரைப் பார்த்து, போன தடவை எண்ணைக் கழித்தாள். நானூற்றுப் பத்து யூனிட். படத்தை விரலால் பெரிதாக்கி நேரே கடைசி வரிக்குப் போனாள். நானூறுக்கு மேல் யூனிட் ஒன்பது ரூபாய். பெருக்கினால் 3690.

அன்றிலிருந்து வீட்டில் ஃபேன் ஓடவில்லை. நான் இருட்டில் தடவித் தடவிக் குளித்தேன். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மோட்டார் மிஷினை விற்றுவிட்டுப் பழைய மிதி மிஷினுக்கே திரும்பப்போவதாக நாலாம் நாள் காலையில் சொன்னாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மிதித்து மிதித்துத்தான் அவள் வலது முழங்கால் போனது. இனிமேல் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சொன்னால் கேட்கிற ஆளா? மிஷின் கடைக்காரரை அன்று சாயங்காலமே வரச் சொல்லிவிட்டாள்.

மதியம் பேக்கரிக்காரர் தைத்த சட்டையை வாங்க வந்தார். நாற்பத்திரண்டு இஞ்ச் ஆள், ஃபேன் இல்லாமல் வியர்த்து ஊற்றியது. காரணம் கேட்டார். அவள் படத்தைக் காட்டிக் கொட்டித் தீர்த்தாள். அடுப்பையே கரண்டில் ஓட்டுகிறவர் அவர். படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"கடைசி வரி மேல இருக்கிற பத்து யூனிட்டுக்கு மட்டும்தாம்மா. முதல் நூறுக்கு ரெண்டு ரூபா, அது இருநூறு. அடுத்த நூறுக்கு நாலு, நானூறு. அதுக்கப்புறம் இருநூறு யூனிட்டுக்கு ஆறு, ஆயிரத்து இருநூறு. மிச்சம் பத்துக்கு ஒம்போது, தொண்ணூறு. மொத்தம் ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு."

அவள் லேசில் நம்புவாளா? பழைய பில்லை எடுத்து, வெட்டுமேஜையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருநூற்று முப்பது யூனிட். இருநூறு, நானூறு, முப்பதுக்கு ஆறு வீதம் நூற்றெண்பது. பில்லில் இருந்த அதே 780. சட்டைக் கூலிச் சட்டத்தை மின் அலுவலகத்துக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள் மகராசி!

மிஷின் கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் போனைக் காதில் வைத்திருந்தேன்.

பேக்கரிக்காரர் மெல்ல ஆரம்பித்தார். "அப்போ என் சட்டைக்கும் நாப்பதுக்கு மேல ரெண்டு இஞ்சுக்கு மட்டும் கூடப் போடுங்க."

"கரண்ட்டுக்குக் காலர் வைக்க வேணாம்ணா. சட்டைன்னா மார்போட காலர், கை எல்லாமே பெருசா வெட்டணும்," என்று சொல்லி முழுக் கூலியையும் வாங்கிப் பெட்டியில் போட்டாள்.

பிறகு எழுந்துபோய் ஃபேனைப் போட்டு அவர் பக்கம் திருப்பி வைத்தாள். திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்து கால் நுனியால் மோட்டார் பெடலை லேசாக அழுத்தினாள். ஊசி ஓடியது, முழங்கால் அசையவில்லை.