ஆதம்பாவாவின் வளவும் என் மனைவியின் வாயும்

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படிப் போனவன்தான். கல்முனையில் என் மனைவி றாஹிலாவின் வீட்டு வளவில் குடியேறி இருபத்தாறு வருடம். ஓட்டோ என்னுடையது, மற்றதெல்லாம் அவளுடையது என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். நானும் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. மீறியவன் இரவுச் சாப்பாட்டைக் கடையில்தான் சாப்பிட வேண்டும்.

றாஹிலா அபாயா தைப்பவள். கை மெஷினில் இருக்கும், வாய் தெருவில் இருக்கும். மீன்காரன் நிறுவையில் கள்ளம் செய்தாலும், பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைக்கு அடித்தாலும், முதலில் கேட்பது அவள் குரல்தான். ஏசிவிட்டு அடுத்த நாள் அவர்களுக்கே வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாள். அதனால் ஊரில் யாரும் அவளோடு முழுதாகக் கோபிக்க முடிவதில்லை.

எங்கள் மகள் ஸப்னாவுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை சரிவந்தது. வீட்டை மகளின் பெயரில் எழுதிய உறுதிப் பத்திரத்தை மட்டும் காட்டச் சொன்னார்கள். நியாயமான கேள்விதான், எல்லாரும் கேட்பதுதான். உறுதி எழுதாமல் கல்யாணத் திகதி வைப்பதில்லை என்றார்கள். றாஹிலா அலுமாரியிலிருந்து பழைய உறுதியை எடுத்துப் பார்த்தாள். அதில் ஆதம்பாவா என்று இருந்தது. அவளுடைய உம்மாவின் உம்மாவைப் பெற்றவர். மவுத்தாகி அறுபது வருடத்துக்கு மேல். அவருக்குப் பிறகு பிள்ளைகள் போய், பேரப்பிள்ளைகளும் போய், வளவு மட்டும் இன்னும் அந்த மனிதர் பெயரிலேயே இருந்தது.

உறுதி எழுதும் நொத்தாரிஸ் பர்ஹானிடம் போனோம். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தார், அங்கேயும் ஆதம்பாவாதான். ஒருவர் மவுத்தானால் காணி தானாகவே வாரிசுகளுக்குப் போய்விடும், ஆனால் ஒவ்வொரு மவுத்துக்கும் அந்த நேரத்தில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று பார்த்துத்தான் இன்றைக்கு யாருக்கு எவ்வளவு என்று சொல்லலாம் என்றார். எல்லாருடைய மரண, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களும் வேண்டும். போனவர்களின் பங்குகள் சிறியவை, அதனால் நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை. வாரிசுகள் எல்லாரும் ஒன்றாகக் கையெழுத்து வைத்தால் போதும் என்றார்.

ஒன்றாக என்ற சொல்லை அவர் லேசாகச் சொல்லிவிட்டார். ஆதம்பாவாவுக்கு ஒரு மகள், இரண்டு மகன்கள். மகளின் பேத்தி றாஹிலா. மகன்களின் பேரப்பிள்ளைகள் மருதமுனையிலும் நற்பிட்டிமுனையிலும் சம்மாந்துறையிலும் கட்டாரிலும் இருந்தார்கள். அவர்களில் மவுத்தான ஒருவரின் மனைவி பாஹிமா மறுமணம் முடித்து வேறு வீட்டில் நாலு பிள்ளைகளோடு இருந்தாள். அவளுக்கும் முதல் கணவர் வழியாக வந்த பங்கு இருக்கிறது, மறுமணத்தால் அது அழியாது என்று பர்ஹான் சொன்னபோது றாஹிலா நெற்றியில் கை வைத்தாள்.

றாஹிலாவின் கணக்கு வேறு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. அப்படியானால் வளவில் ஐந்தில் ஒன்று அவளுக்கு. மிச்சத்தை மற்றவர்கள் விட்டுத்தர வேண்டும். தரமாட்டார்களா என்ன? மூன்று தலைமுறையாக உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டை யார் கேட்கப் போகிறார்கள்? அவள் கேட்கப் போகவில்லை, ஏசப் போனாள். என் ஓட்டோவில் பின்னால் இருந்துகொண்டு, ஊர் ஊராக, ஒவ்வொரு வீட்டுப் படலையிலும்.

அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் நற்பிட்டிமுனையில் வயல் செய்யும் காலிதீன் காக்கா, மூத்த மகனின் பேரன். சான்றிதழ் எல்லாம் தந்தார், தேத்தண்ணி தந்தார், கையெழுத்துக்கு மட்டும் வரம்பு வெட்ட வேண்டும், சூடடிக்க வேண்டும் என்று நாள் கடத்தினார். சூடடித்து முடிந்த பிறகும் போனோம். முழங்கால் நோவு என்றார். றாஹிலா அவர் முற்றத்தில் நின்று, அடுத்தவன் வளவுக்கு ஆசைப்படுகிறவனுக்குப் பரக்கத் வராது என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு கோழிக்கு நெல் போட்டார்.

கடைசியாகக் கிடைத்தது றாஹிலாவின் பாட்டியின், அதாவது ஆதம்பாவாவின் மகளின் மரணச் சான்றிதழ். பர்ஹான் அதைப் பார்த்தார், ஆதம்பாவாவின் சான்றிதழைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்.

“ராத்தா, ஒங்கட உம்மாவப் பெத்தவ அவட வாப்பாவுக்கு முந்தி மவுத்தாகிட்டாவே.”

“ஓம், புள்ளப்பேத்துல மவுத்து. எங்கட உம்மாவ அவர்தானே வளத்தெடுத்தார்.”

ஆதம்பாவா மவுத்தான நாளில் அவருடைய மனைவியும் இல்லை, மகளும் இல்லை, இரண்டு மகன்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று பர்ஹான் மெதுவாக விளங்கப்படுத்தினார். மகன்கள் இருக்கையில், முன்பே மவுத்தான மகளின் பிள்ளைக்கு முஸ்லிம் வாரிசுச் சட்டத்தில் பங்கு கிடையாது. முழு வளவும் மகன்களுக்கே போய், அவர்கள் வாரிசுகளிடம் இருக்கிறது. றாஹிலாவுக்கு ஐந்தில் ஒன்றும் இல்லை, ஐநூறில் ஒன்றும் இல்லை. நீண்டகால ஆட்சியை, அதாவது இவ்வளவு காலம் குடியிருந்ததைக் காட்டி வழக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் சொந்தக்காரர் சம்மதித்து இருக்க விட்டதால் இருந்தவருக்கு அது லேசில்லை, வருடக் கணக்கில் இழுக்கும் என்றார்.

“அவங்கட காணிக்குள்ள இருந்துகொண்டு அவங்களுக்கே வழக்கா?” என்றாள் றாஹிலா.

திரும்பும் வழி முழுக்கப் பின்னால் சத்தமே இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் அப்படியொரு சவாரி ஓட்டியதில்லை. சீதனம் என்று வாங்கிய வீடு மச்சான்மாருடையதாம், என்னை ஏமாற்றிவிட்டாய் என்று பகிடி பண்ணிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஸப்னாவின் கல்யாணம் இப்போது அவள் ஏசின ஆட்களின் கையில் இருந்தது.

மறுநாள் காலை அவளாகவே நற்பிட்டிமுனைக்கு விடச் சொன்னாள். காலிதீன் காக்காவின் முற்றத்தில் இறங்கி, கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கதைத்தாள்.

“காக்கா, எனக்கு அந்த வளவுல ஒண்டுமில்லயாம். புள்ளைக்காக ஒங்களுக்கிட்டக் கேட்டு வந்திரிக்கன்.”

காக்கா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“எனக்குத் தெரியும் புள்ள. வாப்பா மவுத்தாகக்குள்ள சொன்னவர், அது தாயில்லாம வளந்த ஒன்ட உம்மாவுக்கு மூத்தவாப்பா குடுத்த வளவு, நாம ஒருநாளும் கேக்கப்படாதெண்டு. கையெழுத்து வைக்க வந்தா நொத்தாரிஸ் ஒனக்கு முன்னால இதச் சொல்லிருவான். ஒன்ட மூஞ்சிய எப்படிப் பாக்கிற? அதான் ஒளிச்சுத் திரிஞ்சன்.”

“அப்ப நான் ஏசக்குள்ள?”

“எங்கட காணில இருந்துகொண்டு எனக்கே ஏசுறாளெண்டு நெனச்சன். சிரிப்பு வந்துரும் எண்டுதான் கோழிக்கு நெல்லுப் போட்டன்.”

அப்போதுதான் அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மற்றவர்களைக் கேட்கும் வேலையைக் காக்காவே எடுத்துக்கொண்டார். பாஹிமா உட்பட ஒருவரும் மறுக்கவில்லை. கட்டாரில் இருந்தவர் தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் அனுப்பினார்.

வாரிசுகள் நேரடியாக ஸப்னாவுக்கே நன்கொடை உறுதி எழுதுவது என்று முடிவாயிற்று. பர்ஹானின் அறை நிறைந்து, ஆட்கள் வெளியே செருப்புக்கு மேல் நின்றார்கள். கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்தார்கள். ஏற்றுக்கொண்டதாக ஸப்னா வைத்தாள். இவ்வளவு பேரையும் வீடுவீடாகத் திரட்டிய றாஹிலா புதுப் பேனையோடு காத்திருந்தாள். நீங்கள் வைக்கத் தேவையில்லை ராத்தா, உங்களுக்கு இதில் ஒன்றுமில்லையே என்றார் பர்ஹான். அவள் பேனையை மூடிக் கைப்பையில் போட்டாள்.

சாட்சிகள் இரண்டு பேர் வேண்டுமே என்றார் பர்ஹான் கொஞ்சம் கழித்து. கையெழுத்து வைத்த ஒவ்வொருவரையும் நேரில் நன்றாகத் தெரிந்த ஆட்களாக இருக்க வேண்டுமாம். நான் ஒருவன் சரி. எல்லாப் படலைக்கும் ஓட்டோ விட்டவன் நான்தானே.

“இன்னொரு ஆள் தேடத் தேவல்ல தம்பி,” என்றார் காலிதீன் காக்கா. “எங்க ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி ஏசின ஆள் இந்தா இரிக்கா.”

அறை முழுக்கச் சிரித்தது. றாஹிலா கைப்பையைத் திறந்து பேனையை எடுத்து, தன் முழுப் பெயரையும் எழுதி ஒப்பமிட்டாள்.