அப்பா வாசிக்க, அம்மா பேசியது

ராஜபாளையத்து நூற்பாலை இரைச்சலில் முப்பது வருஷம் நின்றதில் அப்பாவுக்குக் காது போய்விட்டது. அம்மா பேசினால் மட்டும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். போன வருஷம் நுரையீரல் கோளாறென்று அம்மாவை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டினார்கள். உதடு மறைந்துபோனது.

எனக்கு அப்போது வருத்தத்தைவிட வேகம்தான் அதிகம். பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலியைப் போனில் ஏற்றினேன். வீட்டில் செய்தித்தாளை உரக்க வாசித்தபோது அநேகமாகப் பிசகில்லாமல் எழுதியது. வார்டில் பாதிகூடத் தேறவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு, மின்விசிறி, அடுத்தவர் பேச்சு எல்லாம் கலந்து ஓடின.

அப்பா வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஏட்டி, பக்கத்துக் கட்டில் மாமியா மருமவ சண்டைல்லா வருது! உங்கம்மா எங்க?"

மறுநாள் காலர் மைக்கோடு போனேன். மாஸ்க் ஓரம் மாட்டினால் ஆக்ஸிஜன் இரைச்சல் ஏறியது. தாடைக்குக் கீழே இறக்கினேன். விசிறியை நிறுத்தினேன். "ஒவ்வொரு வார்த்தையா, நிறுத்திச் சொல்லும்மா."

"ஏங்க, மாத்திரை போட்டியளா?"

திரையில் அநேகமாக முழுசாகவே வந்தது. அப்பா வாசித்துவிட்டு, "போட்டேன்!" என்று போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மாவின் கண் சிரித்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே அப்பாவிடம் நிறையப் பேசினாள். எழுத்து உடைந்து உடைந்து வந்தது. நான் மைக்கை நகர்த்தினேன், மொழித் தேர்வைப் பார்த்தேன், இணையத்தை மாற்றினேன். பையில் நோட்டும் பேனாவும் இருந்தன. கேட்டு எழுதிக் காட்டியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவேயில்லை. அவள் சொன்னதில் ஒன்றுதான் என் காதில் ஏறியது.

"ஏட்டி, செத்த நேரம் அதக் கீழ வையி."

"இந்தா, சரியாயிரும்மா."

மதியம் அவளைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அப்பா என் போனைக் கேட்டார். அன்றைக்கு அவள் பேசியது அவருக்கு வேண்டும். அந்தச் செயலி எழுத்தைத்தான் சேமித்திருந்தது, குரலை அல்ல. திரும்பக் கேட்டுத் திருத்த வழியில்லை. துண்டு துண்டாக இருந்த சொற்களை இன்னொரு செயலியிடம் கொடுத்து வாக்கியமாக்கினேன். அழகாக வந்தது. நோட்டில் எழுதி அவரிடம் நீட்டினேன்.

இரண்டு முறை வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. உங்கம்மா இப்படிப் பேச மாட்டாளே. நெசமா என்ன சொன்னா?"

அதன் கீழே 'தெரியலப்பா' என்று எழுதினேன்.

"பக்கத்துலதான இருந்த?" என்றார்.

கோபமில்லை அவருக்கு. எழுதட்டும் என்று பேனாவை என் பக்கமே தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.