நிற்காத இலவசம்

பாலக்கோடு மண்டியின் தக்காளி விலையைத் தினமும் விவசாயிகளின் போனுக்கு அனுப்ப, ஒரு நிறுவனத்தின் கிளவுடில், அதாவது இணையவழி வாடகைக் கணினிகளில், ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். புது விலையைப் பதிவேற்றும் சர்வர் பன்னிரண்டு மாதம்தான் இலவசம். பிறகு ஓடும் நேரத்துக்கெல்லாம் என் கார்டில் காசு பிடிப்பார்கள். கடைசியாகப் பதிவான விலையை எடுத்துச் செய்தி அனுப்பும் சிறு நிரலோ, அளவு மீறாதவரை என்றைக்கும் இலவசம்.

வருடம் முடிந்ததும், காசு போகுமே என்று சர்வரை மட்டும் அவசரமாக நிறுத்தினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. நிரலை மறந்தே போனேன். அது காலைதோறும் அதே பழைய விலையை அனுப்பிக்கொண்டிருந்தது.

விலை சரிந்த வாரம், மாரண்டஹள்ளியில் தக்காளி போட்டிருந்த அக்கா ஒருவர் மண்டியிலிருந்து கூப்பிட்டார்.

"உங்க விலைய நம்பி ஆள் வெச்சுப் பறிச்சு, வண்டி ஏத்திட்டு வந்துட்டனுங்க. இங்க பாதி விலைக்குக்கூடக் கேக்க மாட்டேங்கறாங்க."

"நான்தான் அதை நிறுத்திட்டேனுங்களே" என்றேன்.

"அப்ப காலைல எனக்குச் சொன்னது யாருங்க?"