ரத்தினசாமியின் இரண்டாம் மாத்திரை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஞானசுந்தரி தைக்கும் வேகத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. மெஷின் சூடேறிப் போகுமாம், பக்கத்து சீட்டுப் பெண்கள் அதன்மேல் டீத் தம்ளரை வைத்துச் சுட வைத்துக்கொள்வார்களாம். பாதி பொய். ஆனால் சூப்பர்வைசரே ஒருமுறை மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார் என்பது நிஜம்.

கணியம்பாடியில் பத்தாவது முடித்துவிட்டு வந்தவள் அவள். வாழ்க்கைப்பட்டது ரத்தினசாமி வீட்டில். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. நாற்பது வருஷம் சுண்ணாம்பில் நின்ற கால். தன்னைக் கடித்த கொசு சுவருக்குப் போய்ச் சேருவதற்குள் செத்துவிடும் என்பார். மருமகள் வேலைக்குப் போவது அவருக்கு ஆகவே ஆகாது. ஆறு வருஷமாக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார். 1984-ஆம் வருஷம், பேத்தி லில்லி அதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

லில்லிக்கு ஐந்து வயது. தாத்தாவோடு ஒரே பாயில்தான் படுப்பாள். படுத்தால் பின்பக்கம் அரிப்பு. சொறிந்து சொறிந்து தூக்கமில்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் தூங்கி விழுந்தாள். ஒருநாள் துணி மாற்றும்போது வெள்ளை நூல்துண்டு போல ஒன்று நெளிவதை ஞானசுந்தரி பார்த்தாள்.

"பார்த்தியாடா வில்சா," என்றார் ரத்தினசாமி மகனிடம். மருமகள் எதிரே நின்றாலும் மகனுக்குச் சொல்வதுதான் அவர் வழக்கம். "பேக்டரி கையோட சோறு ஊட்டினா புழு வராம பூவா வரும்?"

"நைனா, கொஞ்சம் சும்மா இரு," என்றான் வில்சன். அவன் வாழ்க்கையில் பேசிய வீர வசனம் அவ்வளவுதான்.

கம்பெனி டிஸ்பென்சரி நர்ஸ் ஆக்னஸ், ஞானசுந்தரியிடம் நாலு பூச்சி மாத்திரை கொடுத்தார்.

"மாசமா இருக்கியா நீ?"

"இல்ல சிஸ்டர்."

"சரி. வீட்ல நாலு பேரும் ஒரே நாள்ல ஆளுக்கு ஒண்ணு. அரிப்பு இல்லாதவங்களும் போடணும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி நாலு பேரும். நகத்த ஒட்ட வெட்டு. காலையில எழுந்ததும் குழந்தைய குளிப்பாட்டு. போர்வை, ஜட்டி எல்லாம் வெந்நீர்ல போட்டு வெயில்ல காயப் போடு."

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை ரத்தினசாமி வாங்கிக்கொண்டார். சுண்ணாம்போ கடுக்காயோ, தோலின் எடைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டே பழகியவர். லில்லியை ஷாப்புக்குத் தூக்கிப்போய்த் தோல் நிறுக்கும் தராசில் உட்காரவைத்தார். பதினைந்து கிலோ. ஆள் எடைக்கு முழு மாத்திரை என்றால் இந்தக் குருவிக்குக் கால் போதும் என்று வெற்றிலை வெட்டும் கத்தியால் அறுத்தார். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகனும் மருமகளும் முழுசாக விழுங்கினார்கள். தன் பங்கை வெற்றிலைப் பெட்டியில் போட்டு மூடினார்.

அரிப்பு ஒரு வாரம் அடங்கியிருந்தது. பிறகு திரும்பி வந்தது, முன்னைவிட உற்சாகமாக.

"மருந்தும் கேக்கல. ஆத்தா கையில அவ்ளோ அழுக்கு," என்றார் ரத்தினசாமி. "டேய் வில்சா, இந்த மாசத்தோட உன் பொண்டாட்டி வேலைக்கு முழுக்கு. கம்பெனிக்கு நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

மாத்திரையைப் பங்கு போட்டது அவர்தானே என்று ஞானசுந்தரிக்குச் சந்தேகம் வந்தது. அவர் ஷாப்புக்குப் போனதும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். ஒரு முழு மாத்திரை. பக்கத்தில் முக்கால் மாத்திரை.

சாயங்காலம் இரண்டையும் அவர் தட்டில், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னாது இது?"

"உங்க கணக்கு, மாமா. தராசுல உக்காந்தத லில்லி சொன்னா. ரெண்டு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஒரே மாத்திரதானாம், சிஸ்டர் சொன்னாங்க. அது ரத்தத்துல ஜாஸ்தி ஏறாது, குடல்லயே நின்னு புழுவ அடிக்கும். ஆளு எட அதுக்குத் தேவையில்ல. குழந்த என்னா உங்க ஷாப் தோலா?"

"எனக்குப் புழுன்னு சொல்றியா?"

"இல்லேன்னு நீங்க காட்டுங்க. காட்டிட்டா நானே வேலைய விடறேன். இருந்துச்சுன்னா, என் வேலையப் பத்தி இந்த வீட்ல பேச்சே வரக்கூடாது."

"சரி," என்று கத்தினார் கிழவர். தெருவுக்கே கேட்டது. அதற்குத்தான் அவரும் கத்தினார்.

பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி ஒட்டும் கண்ணாடி டேப்பில் ஒரு துண்டு, ஆக்னஸ் சிஸ்டர் கொடுத்த கண்ணாடித் துண்டுகள், சோதனைக்கு இவ்வளவுதான் வேண்டும். காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன்னால், ராத்திரியில் புழு முட்டையிடும் ஆசனவாயில் டேப்பை ஒற்றி எடுத்துக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். மூன்று நாள் காலை. லில்லிக்கு ஞானசுந்தரி எடுத்தாள். ரத்தினசாமி கதவைச் சாத்திக்கொண்டு தானே எடுத்தார். உள்ளிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. எதிர்வீட்டு ஹயாத் பாஷா தன் குழந்தைகளின் காதைப் பொத்தி உள்ளே அழைத்துப் போனார்.

முடிவை நேரில் கேட்கவேண்டும் என்று டிஸ்பென்சரிக்கே வந்தார் மேஸ்திரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ஆக்னஸ் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"குழந்தைக்கு இருக்கு. பெரியவருக்கும் இருக்கு. முட்டை வரிசையா நிக்குது. வந்து பாக்கறீங்களா?"

அவர் பார்க்கவில்லை. வீடு வரைக்கும் மருமகளுக்குப் பத்தடி முன்னால் நடந்தார்.

அன்று நாலு பேரும் ஆளுக்கு ஒரு முழு மாத்திரை மென்றார்கள். அவர் மென்ற சத்தத்தில் கோபம் கேட்டது. பாய் வெயிலுக்குப் போனது, போர்வைகள் கொதிநீருக்குப் போயின, நகங்கள் சதையை ஒட்டி வெட்டப்பட்டன. ஒரு வாரத்தில் லில்லி விடியும்வரை அசையாமல் தூங்கினாள்.

பதினாலாம் நாள் ஞானசுந்தரி மறுபடி நாலு மாத்திரையோடு வந்தாள்.

"அதான் நின்னு போச்சே!" ரத்தினசாமி எழுந்தே விட்டார். "ஒரு தரம் தின்னேன், தலை குனிஞ்சேன். இன்னொரு தரமா? என்னிய பேஜார் பண்ணிப் பாக்கணும், அதான உனக்கு?"

அவர் போடாவிட்டால் லில்லிக்கு மறுபடி வரும். வந்தால், பந்தயமாவது பேச்சாவது, பழி தன் கையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா, கல்கத்தா சேட்டு கத சொல்லுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"அறுநூறு தடவ சொல்லியிருக்கீங்க. நானே சொல்றேன். சுண்ணாம்புலேர்ந்து எடுத்து மயிர் சிரைச்ச தோலு. தோலு வாங்க வந்த சேட்டு பாத்துட்டு, பளபளன்னு இருக்குன்னாரு. நீங்க இன்னா பண்ணீங்க?"

அவர் வாய் தானாகத் திறந்தது. அந்தக் கதையைப் பாதியில் விட அவரால் முடியாது. "பொறங்கையால தடவினேன். பொடி முடி உள்ள நிக்குது. கண்ணுக்குத் தெரியாது. திரும்ப சுண்ணாம்புல போடுன்னேன்."

"அதேதான். மாத்திர புழுவக் கொன்னுச்சு, முட்டைய ஒண்ணும் பண்ணல. நகத்துல, துணியில தப்பின முட்ட நம்ம வயித்துக்குள்ள போய்ப் பொரிஞ்சிருக்கும். அது வளந்து முட்ட போடறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் அடிக்கணும். அதுக்குத்தான் ரெண்டு வாரம். நாலு பேர்ல ஒருத்தர் விட்டாலும் மத்தவங்களுக்கு வரும். குழியில ஒரு தோல மட்டும் விட்டுட்டு வருவீங்களா?"

ரத்தினசாமி அவளை ரொம்ப நேரம் முறைத்தார். வெறுப்பு கொஞ்சமும் கம்மியாகவில்லை. கையை நீட்டி மாத்திரையைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"டேய் வில்சா," என்றார் மென்றபடி, "உன் பொண்டாட்டிக்கு நாளைக்கு ஷிப்ட் எத்தன மணிக்குன்னு கேளு. அவ போனப்புறம் கதவு தாப்பா போடணும் நான்."

"ஏழு மணிக்கு, மாமா," என்றாள் ஞானசுந்தரி.

அவர் காதில் விழாதது போல் இருந்தார். அதன்பிறகு ஒன்றரை வருஷம் அவளோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. லில்லிக்கு அரிப்பும் வரவில்லை. ஆனால் ஹயாத் பாஷா வீட்டுப் பையன் பின்பக்கம் சொறிந்துகொண்டு நின்றபோது, மேஸ்திரி தெருவில் நின்று உரக்கச் சொன்னது அவள் காதில் விழுந்தது: "வீட்ல எல்லாரும் போடணும் பாஷா. எட பாக்காத. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி. இத நான்தான் கண்டுபிடிச்சேன்."