நிஜ நம்பர் மேடத்தின் மூன்று கேள்விகள்

மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறையில் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் நிஜ நம்பர் மேடம். கேள்வித்தாளில் வரும் எந்த எண்ணையும் அவள் கற்பனையாகப் போட மாட்டாள். அது எங்கோ ஒருவரின் உடம்பில் அளந்த எண்ணாக இருக்க வேண்டும். வாய்க்கு வந்ததைப் போட்டால், உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு நோயாளி பிறந்துவிடுவான் என்பாள். மற்ற ஆசிரியர்களுக்கு இது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது. சொல்லிப் பார்த்தார்கள், அவள் பிடி கொடுக்கவில்லை.

அவள் எழுதிய முதல் கேள்வியின் நோயாளி அவள் தம்பி. நோயாளி என்று சொல்வதே பாவம். அப்போது அவன் கல்லுக்குண்டு மாதிரி இருந்தான், சொந்தமாக டயர் கடை வைத்திருந்தான். அவள்தான் அவனை ஆய்வகத்துக்கு இழுத்துப்போய் மூக்கில் கிளிப் மாட்டி, குழாயில் மூச்சுவிடச் சொன்னாள். ஒரு மூச்சுக்கு ஐந்நூறு மில்லி. அதில் நூற்றைம்பது மூச்சுக்குழாயிலேயே தங்கி, ரத்தத்தைத் தொடாமல் வெறுமனே வெளியே வந்துவிடுகிறது. அதற்கு டெட் ஸ்பேஸ் என்று பெயர் என்று விளக்கினாள்.

“அப்ப நான் இழுக்குற காத்துல முப்பது சதவீதம் சும்மா போயிட்டு சும்மா வருதா? என் கடையில கூட ஒருத்தன் அப்படித்தான்க்கா இருக்கான், அவனுக்கு நான் சம்பளம் வேற தர்றேன்!”

அழுத்தம் கூட்டினால் நுரையீரல் எவ்வளவு விரிகிறது என்பதுதான் கம்ப்ளையன்ஸ் என்று சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை. “பலூனுக்கும் லாரி டயருக்கும் உள்ள வித்தியாசம். இதுக்குப் போயி காலேஜா?” என்றான். அடுத்த வாரமே பலூனும் டயரும் அவள் வகுப்புக்குள் நுழைந்துவிட்டன.

அந்தத் தம்பிதான் இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தான். நிமோனியா என்று ஆரம்பித்தது. நுரையீரல் முழுக்க விறைத்துப்போய், மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் போட வேண்டியதாயிற்று. வெளியே நாற்காலி வரிசையில் அவன் மனைவி உட்கார்ந்திருப்பாள். கண்ணாடிக் கதவு வழியே மானிட்டரில் தெரியும் ஒரே ஒரு எண்ணைத்தான் அவள் பார்ப்பாள். ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு.

“தொண்ணூறு இருக்கு அண்ணி. தொண்ணூறுன்னா நல்ல மார்க்குதானே?”

“ம். இருக்கு.”

“பொண்ணை வரச் சொல்லிடவா? பரீட்சை நடந்துக்கிட்டிருக்கு அவளுக்கு. அப்பாவுக்கு லேசா காய்ச்சல்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். உங்களுக்குத் தெரியாததா, நீங்க சொன்னா சரி.”

“முடியட்டும்மா. படிக்கிற பிள்ளை மனசைக் கலைக்க வேணாம்.”

மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தம்பியை வென்டிலேட்டரில் போடுவதற்கு முன்னால் இதே கேள்வி வந்தது. அன்றைக்கும் மேடம் இதையேதான் சொன்னாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அவளே நம்பினாள், பாவம்.

கேள்வித்தாள் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கியது. வார்டு டாக்டர் அவளிடம் படித்த பெண், ஒரே கல்லூரி என்று தம்பியின் எண்கள் இருந்த தாளை நீட்டினார். காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்துக்கொண்டு அவள் கேள்வி எழுதினாள். ஒரு மூச்சுக்கு முந்நூற்று அறுபது மில்லி. உள்மூச்சின் முடிவில் இயந்திரத்தை நிறுத்திப் பார்த்த அழுத்தம் முப்பது, வெளிமூச்சின் முடிவில் விட்டுவைத்த அழுத்தம் பன்னிரண்டு. கம்ப்ளையன்ஸ் எவ்வளவு? அடுத்த கேள்வி: தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அறுபது, வெளிவரும் மூச்சில் சராசரியாகப் பதினெட்டு. டெட் ஸ்பேஸ் மூச்சில் எத்தனை பங்கு? மூன்றாவது, ஆக்சிஜன் பிணைப்புக் கோடு: ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் நூறிலிருந்து அறுபதுக்கு இறங்கும்போது செறிவு தொண்ணூற்றேழிலிருந்து தொண்ணூறுக்குத்தான் வருகிறது. அறுபதிலிருந்து நாற்பதுக்குப் போனால் மட்டும் எழுபத்தைந்துக்குச் சரிவது ஏன்?

விடைகளையும் அவளே போட்டாள். இருபது. எழுபது சதவீதம். கோட்டின் மேல்பகுதி தட்டை, கீழே செங்குத்து. தவறான விடைகளைக்கூட ரசித்துச் செய்தாள். பன்னிரண்டைக் கழிக்க மறக்கிற பையன் முந்நூற்று அறுபதை முப்பதால் வகுத்துப் பன்னிரண்டு என்று வட்டமிடுவான், மாட்டிக்கொள்வான். தாளில் அது கேள்வியாக இருக்கும்வரை அவளுக்கு அது கேள்விதான். வேறு யாராக இருந்தாலும் அந்த எண்களைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்திருக்கும். முப்பது வருஷப் பழக்கம் அவள் கண்ணை மறைத்துவிட்டது.

கேள்விகளைப் பரிசீலிக்கும் கூட்டம் துறைத் தலைவர் அறையில் நடந்தது. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கேள்வியையும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். அதற்கென்றே பிறந்தவர் போல ஒரு சக ஆசிரியர் இருந்தார். அவருக்குச் சிவப்புப் பேனா என்று பெயர். தம்பி விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டுக் கதையை அவள் கல்லூரிக்குக் கொண்டுவருவதில்லை.

சிவப்புப் பேனா முதல் இரண்டு கேள்விகளையும் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“கணக்கெல்லாம் சரி மேடம். ஆனா ரெண்டும் ஒரே ஆளா? கம்ப்ளையன்ஸ் இருபது, இழுக்குற மூச்சுல எழுபது சதவீதம் வேஸ்ட்டு. இந்த ஆள் பொழைக்க மாட்டானே!”

துறைத் தலைவர் சிரித்தார். “முதல் வருஷப் பசங்கய்யா, பயந்துடுவாங்க. கொஞ்சம் நல்லாக்கி விட்டுடுங்க மேடம்.”

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணை மாற்றினாள். அறுபதை அடித்து நாற்பது. பதினெட்டை அடித்து இருபத்தெட்டு. நாற்பதில் பன்னிரண்டு போச்சு, முப்பது சதவீதம். மூச்சு ஐந்நூறு மில்லி என்று எழுதினாள், அழுத்தங்கள் பதினைந்தும் ஐந்தும். கம்ப்ளையன்ஸ் ஐம்பது. மயக்க மருந்தில் படுத்திருக்கும் நல்ல உடம்புக்காரன் ஒருவன் தாளில் வந்துவிட்டான். அந்த முப்பது சதவீதத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டயர் கடையின் கிரீஸ் வாசனை வந்த மாதிரி இருந்தது. பிறகு யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனாள்.

வார்டு வாசலில் தம்பி மனைவி அதே நாற்காலியில் இருந்தாள்.

“அவளை உடனே கிளம்பி வரச் சொல்லும்மா. இப்பவே.”

“ஏன் அண்ணி? பாருங்க, தொண்ணூறு அப்படியே இருக்கே!”

“அது கடைசிவரைக்கும் காட்டிக் கொடுக்காதும்மா. விழ ஆரம்பிச்சா மளமளன்னு விழும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லல.”

தம்பி மனைவி அழவில்லை. போனை எடுத்து, மகளைக் கூப்பிடச் சொல்லி இவளிடமே நீட்டினாள்.

மகள் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள். அப்போதும் மானிட்டரில் தொண்ணூறு இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், அவன் கண் திறக்கவில்லை. மதியத்துக்குமேல் எண்பத்தெட்டு, எண்பது, எழுபத்தொன்று என்று இறங்கியது. சாயங்காலம் எல்லாம் முடிந்தது.

அழுது ஓய்ந்த பிறகு அந்தப் பெண் கேட்டாள்: “அத்தை, மெஷின்ல போடுறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பாருல்ல?”

அவள் “ஆமாம்மா” என்று மட்டும் சொன்னாள்.

பரீட்சை நடந்தது. விடைத்தாள் கட்டு அவள் மேஜைக்கு வந்தது. டெட் ஸ்பேஸ் கேள்வி எளிதாக இருந்தது போலும். ஒருவர் விடாமல் முப்பது சதவீதம் என்று வட்டமிட்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள், எல்லாவற்றிலும் அவன் நன்றாக இருந்தான்.