அஜீசாவின் தலையணை வியாபாரம்

இரும்புலியூர் அஜீசா தலையணை வியாபாரத்தில் இறங்கியது காசுக்காக என்றுதான் தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது. தெருவுக்கு என்ன தெரியும்? புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து போகவேண்டும் என்ற ஒரே ஆசைக்காகத்தான் அவள் நாற்பத்திரண்டு வயதில் வியாபாரி ஆனாள்.

அயூப் முன்பெல்லாம் ஆட்டோ ஓட்டினார். சவாரி இல்லாத சாயங்காலங்களில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டலூர் வரை ஒரு சுற்றுப் போய் வருவார். அவர் முதுகைப் பார்த்தபடியே அவள் ஊர்க்கதை முழுவதும் பேசித் தீர்ப்பாள். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் பேசியதில் பாதிக்கு மேல் அந்த ஆட்டோவில்தான்.

2006இல் ஆட்டோவை விற்றுவிட்டு, ஊர் குட்டி யானை என்று செல்லமாகச் சொல்லும் சின்ன சரக்கு வண்டியை வாங்கினார். அன்றோடு போயிற்று. விடியலில் போகிறவர் ராத்திரி வருவார், சாப்பிடுவார், தட்டைக் கழுவுவதற்குள் குறட்டை விடுவார். ஒரே மகள் கைனாத்தும் கல்யாணமாகி ஆம்பூர் போய்விட்டாள். அஜீசாவுக்கு வீடு பெரிதாகிவிட்டது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் காலியாக ஒரு சீட்டு தினம் ஊர் சுற்றுவதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

"ஒரு நாள் என்னையும் கூட்டிகினு போங்க. பேசாம குந்திகினு வரேன்."

"நீயாவது பேசாம வர்றதாவது. அதில்ல அஜீசா, இன்சூரன்ஸ்ல உனக்கு எடம் இல்ல."

அயூப் சாக்குப்போக்குச் சொல்லும் ஆளில்லை. அவர் ஸ்டாண்டில் துளசிங்கம் என்று ஒருவர் இருந்தார். சொந்தக்காரர்களைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போனபோது வண்டி கவிழ்ந்து கொழுந்தியாளுக்குக் கால் போயிற்று. பாலிசி நடப்பில்தான் இருந்தது. ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவர்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி கோர்ட்டில் சொல்லிவிட்டது. நஷ்ட ஈடு துளசிங்கத்தின் தலையில் விழுந்தது. வண்டி போனது, உறவும் போனது. அதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து அயூப் தன் வண்டியில் ஓர் ஆளைக்கூட ஓசியில் ஏற்றியதில்லை. பெண்டாட்டியும் அவருக்கு அந்தக் கணக்கில்தான்.

அஜீசாவின் தம்பி ஷாகுலிடம் வெள்ளை போர்டு ஆம்னி வேன் ஒன்று இருந்தது. அவள் அவனைப் பிடித்தாள்.

"உன் வண்டிய மச்சானுக்குக் குடேன்டா. அதுல லோடு அடிக்கட்டும். நானும் கூடப் போறேன்."

"நல்லா சொன்ன போ! இது சொந்த உபயோகத்துக்குன்னு போட்ட பாலிசி, அக்கா. வாடகைக்கு லோடு ஏத்தி எங்கனா இட்ச்சா, ஒத்தப் பைசா பேராது. ஆளு ஏறலாம், வாடகைச் சரக்கு ஏறக்கூடாது."

"உங்க மச்சான் வண்டில சரக்கு ஏறலாம், நான் ஏறக்கூடாது. எவன்டா எழுதினான் இதை?" என்று கேட்டாள். எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் அன்று அவன் பாடு திண்டாட்டம்தான்.

வண்டி வாங்கிய இரண்டாம் வருஷம் பாலிசி புதுப்பிக்க அயூப் கிளம்பியபோது, அவளும் பஸ் பிடித்துத் தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றாள். ஏஜெண்ட் சாம்பசிவன் அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பொறுமைசாலி.

"சார், அவர் ஆட்டோ ஓட்டுனப்ப நான் ஏறுனேனே, அது மட்டும் எப்படி?"

"அது ஆள் ஏத்துற வண்டிம்மா. பயணிங்களுக்கும் சேர்த்துதான் பிரீமியம் கட்டினாரு. இது சரக்கு ஏத்துற வண்டி. பாலிசியே வேற."

"அப்ப என்னை கிளீனர்னு எழுதிக்கங்க."

அயூப் தலையில் அடித்துக்கொண்டார். "சம்பளம் நான்தானே குடுக்கணும்?"

சாம்பசிவன் சிரிக்கவில்லை. "கிளீனருக்குத் தனியா பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம்தான். ஆனா நெஜமாவே வேலை பார்க்கிற ஆளா இருக்கணும். பொய்யா எழுதினா, அடிபட்ட அன்னைக்கு அது நிக்காது." பேனாவை மூடிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல் சொன்னார்: "சரக்குக்குச் சொந்தக்காரர் தன் சரக்கோட வரலாம்மா. அவருக்குக் கவர் உண்டு. முன்னாடி கேபின்லதான் உட்காரணும், மூட்டை மேல ஏறக்கூடாது. ஆர்.சி.யில டிரைவரோட ரெண்டு பேர்னு இருக்கு, அதனால ஒருத்தர்தான். கையில பில் இருந்தா நல்லது."

அயூப் அதைக் கேட்டுவிட்டு மறந்துபோனார். அஜீசா மறக்கவில்லை.

மறு வாரமே இலவம் பஞ்சு மூட்டை வீட்டுக்கு வந்தது. பழைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். ஜூன் மாசம் காலேஜ் திறந்தால் காட்டாங்குளத்தூர் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத் தலையணை வேண்டும். அங்கே ஜீவரத்தினம் என்பவரின் கடையில் நேரில் போய்ப் பேசி ஆர்டர் பிடித்தாள். மூக்கிலும் முடியிலும் பஞ்சு ஒட்ட, இரண்டு வாரம் தும்மித் தும்மித் தைத்தாள். எட்டு மூட்டை ஆயிற்று. பில் புத்தகத்தில் தன் பெயரைத் தானே எழுதி, புருஷன் முன்னால் நீட்டினாள்.

"லோடு இருக்கு. வரீங்களா, வேற வண்டி பார்க்கட்டுமா?"

அயூப் பில்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கேபின் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தப் பயணத்தில் அவள் பேசாத பேச்சில்லை. ஆட்டோவில் பார்த்தது முதுகு, இங்கே முகமே பக்கத்தில் இருந்தது. ஊரப்பாக்கம் வந்ததும் தெரியவில்லை, கூடுவாஞ்சேரி போனதும் தெரியவில்லை. கடையில் எட்டு மூட்டையும் மளமளவென்று இறங்கியது. வாயெல்லாம் பல்லாக அவள் திரும்பக் கேபினுக்கு வந்தபோது, அயூப் கதவைத் திறக்கவில்லை.

"சரக்கு எறங்கிடுச்சு அஜீசா. இப்ப நீ சொந்தக்காரி இல்ல. வெறும் ஆளு."

விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. சொல்வது நியாயம் என்று அவருக்கும் தெரியும், அது கொடுமை என்றும் தெரியும். அவளை பஸ் ஸ்டாப்பில் நிற்க வைத்துவிட்டுக் காலி வண்டி கிளம்பியது. அந்தச் சீட்டும் காலியாகவே போயிற்று. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அஜீசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற பெண், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். பஞ்சு அலர்ஜி என்று சொல்லிவைத்தாள்.

அடுத்த ஆர்டர் ஜூலையில். இந்தமுறையும் எட்டு மூட்டை. ஏழு இறங்கியதும் அவள் கையை நீட்டி மறித்தாள்.

"அது இருக்கட்டும். அது திரும்ப வூட்டுக்கு வருது."

"அட, அதையும் எறக்குங்கம்மா," என்றார் ஜீவரத்தினம். "பசங்க கேட்டுகினே கீறாங்க. தலையணைக்கு ரெண்டு ரூபா சேர்த்தே தரேன்."

"இன்னொரு நாள் தரேன் சார்."

விற்காத அந்த மூட்டைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி, தன் பெயரைப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கதவருகே நின்றாள். அயூப் பின்னால் எட்டிப் பார்த்தார். அத்தனை பெரிய சரக்குத் தட்டில் ஒரே ஒரு மூட்டை. கதவைத் திறந்துவிட்டார்.

வண்டி வண்டலூரைத் தாண்டியது. பிறகு அவர்தான் கேட்டார். "கேக்குற ஆளு இருக்கும்போது ஏன் விக்கல?"

"வித்துட்டா நான் பஸ்ல இல்ல போவணும்?" என்றாள். "காசு வேணாங்க. எனக்கு இந்த அரை மணி நேரம்தான் வேணும். ரெண்டு வருஷமா உங்க கூடப் பேச எனக்கு வேற நேரமே இல்ல."

பெருங்களத்தூரில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. முன்னால் பஸ், பின்னால் லாரி, எல்லோரும் ஹாரனை அழுத்திக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். இரும்புலியூர் ஐந்தே நிமிஷத் தூரம். அயூப் எஞ்சினை அணைத்தார். இடதுபக்கம் ஒரு சந்து காலியாகத்தான் இருந்தது, அதில் நுழைந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். அதை அவளும் பார்த்தாள். அவர் வண்டியைத் திருப்பவில்லை.

"சொல்லு," என்றார்.